அம்மாவின் கடைவாய்ப் பல்லும் நான்கு கேள்விகளும்

சென்ற ஆண்டு என் தாயாருக்குக் கீழ்த்தாடையின் இடப்புறக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அவருக்கு வயது 68. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பல்வலி வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் மாரடைப்பு ஏற்பட்டு, இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தது. இரத்தம் உறையாமல் இருப்பதற்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற இரு மாத்திரைகளை நாள்தோறும் எடுத்துக்கொண்டிருந்தார். பகலில் காபி குடித்தால் சுரீரென்று இழுத்த வலி, நான்காம் நாளில் இரவு தூக்கத்தையும் கெடுக்கத் தொடங்கியது.

நான் பொது மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன். பல் மருத்துவரிடம் சென்றுவந்த நோயாளிகள் தம் அனுபவங்களை என்னிடம் சொல்லக் கேட்டிருக்கிறேனேயன்றி, அந்த நாற்காலியின் பக்கத்தில் உறவினனாக நின்றதில்லை. அம்மாவுக்குத் துணையாக நான்கு முறை சென்றுவந்தபின், எவை நன்றாக நடந்தன, எவை அவ்வளவு நன்றாக நடக்கவில்லை என்று குறித்துவைத்தேன். நம் மருத்துவமனைக்கு வருவோரில் சர்க்கரை, இதயநோய் உள்ளவர்கள் பலர். அவர்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்வோருக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படக்கூடும்.

தொடக்கமே சரியாக அமையவில்லை. முதலில் நாங்கள் தொலைபேசியில் அழைத்த ஒரு பல் சிகிச்சையகத்தில், பேசியவர் அம்மாவின் மாத்திரைகளைக் கேட்டுவிட்டு, "ஐந்து நாள் நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். என்ன சிகிச்சை தேவைப்படும் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லப்பட்ட வார்த்தை அது. ஸ்டென்ட் வைத்து ஓராண்டு நிறைவதற்குள் இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், ஸ்டென்டின் உள்ளே இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தானது. மாறாக, மாத்திரைகளைத் தொடர்ந்தால் நேரக்கூடியது பல் எடுத்த குழியில் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் இரத்தம் கசிவது. அதைப் பஞ்சு வைத்து அழுத்தியும், தையல் போட்டும் நிறுத்திவிடலாம். வேர்ச் சிகிச்சையில் அந்தக் கசிவுகூடப் பெரிதாக இருப்பதில்லை, வேலை முழுவதும் பல்லின் உள்ளேயே நடப்பதால். இந்த மாத்திரைகளை நிறுத்துவதா என்பதை உங்கள் இதய மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். நான் மருத்துவன் என்பதால் அன்று தப்பித்தோம். வேறொரு வீட்டில் அந்த ஐந்து நாள் சொல் அப்படியே நிறைவேற்றப்பட்டிருக்கும் என்ற எண்ணம் இப்போதும் என்னை உறுத்துகிறது.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் இருந்தவர் முப்பதுகளில் உள்ள ஒரு பெண் மருத்துவர். வேர்ச் சிகிச்சையில் பட்டமேற்படிப்பு படித்தவர். அவர் அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்வதற்குமுன் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், விரல் நுனியில் சர்க்கரையும் பார்த்தார். ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நிறுத்த வேண்டாம் என்று தாமாகவே சொன்னார். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பல் சிகிச்சைக்குமுன் கிருமிக்கொல்லி மாத்திரை தேவையா என்று பலர் கேட்பதுண்டு. தேவையில்லை. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், முன்பே வால்வில் கிருமித்தொற்று கண்டவர்கள் போன்ற சிலருக்கே அது வேண்டும். அவர்கள் அதை முன்கூட்டியே பல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பிறகு சோதனைகள். பஞ்சுத் துணுக்கில் குளிரூட்டும் திரவத்தைத் தெளித்து, முதலில் வலியில்லாத பக்கத்துப் பல்லில் வைத்தார். அம்மாவுக்குச் சில்லென்றது, பஞ்சை எடுத்ததும் மறைந்தது. "நல்ல பல்லுக்கு இப்படித்தான் இருக்கும்மா. இப்ப அந்தப் பல்லுல வைக்கிறேன், எடுத்தப்புறமும் எவ்வளவு நேரம் வலி நிக்குதுன்னு பாருங்க" என்றார். பஞ்சை எடுத்து அரை நிமிடத்துக்கு மேலாகியும் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருவியின் காம்பால் பல்லை மெல்லத் தட்டியபோதும் வலித்தது. எக்ஸ்ரேயில் சொத்தை ஆழமாக இறங்கியிருந்தது. ஆனால் வேரின் நுனியைச் சுற்றி எலும்பு அரிக்கப்பட்டதற்கான கருநிழல் இல்லை.

விளக்கம் என்பது இங்கேதான் தொடங்கியது. அவர் ஒரு காகிதத்தில் பல்லை வரைந்தார். வெளியே கடினமான எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் இரத்தக்குழாயும் உள்ள கூழ். "கையில அடிபட்டா வீங்கும், வீங்க இடமிருக்கு. பல்லுக்குள்ள இந்தக் கூழ் வீங்குறதுக்கு இடமில்ல, சுத்திச் சுவர். அதனாலதான் இவ்வளவு வலி. குளிர் எடுத்தும் வலி நிக்கிறதுன்னா இந்தக் கூழ் இனி தானா ஆறாது." இவ்வளவுதான் சொன்னார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும், கல்லூரியில் படித்து மறந்தது நினைவுக்கு வந்தது.

அதன்பின் இரண்டு வழிகளை வைத்தார். பல்லைப் பிடுங்கிவிடலாம். ஒரே நாளில் முடியும், செலவு குறைவு, ஆனால் அந்த இடம் காலியாகும். மெல்லுவது குறையும், எதிர்ப்பல்லும் பக்கத்துப் பல்லும் காலப்போக்கில் அந்த இடைவெளியை நோக்கி நகரும். இல்லையென்றால் வேர்ச் சிகிச்சை. நாம் பேச்சில் ரூட் கெனால் என்று சொல்வது அதுதான். மேலே துளையிட்டு, நோயுற்ற கூழை எடுத்து, வேர்க்குழாய்களைக் கழுவித் துப்புரவாக்கி, ரப்பர் போன்ற ஒரு பொருளால் அடைத்து, இறுதியில் கேப் போடுவது. இந்தப் பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழாய்கள், சிலருக்கு நான்கு இருக்கும் என்றார். இரண்டு அல்லது மூன்று முறை வர வேண்டும். வேர்க்குழாய் வளைந்தோ அடைபட்டோ இருந்தால் நுனிவரை போக முடியாமல் போகலாம், மெல்லிய கருவி உள்ளே உடைவதும் அரிதாக உண்டு, எல்லாம் சரியாகச் செய்தும் சில பற்கள் ஆறாமல் போவதுண்டு என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு நோயாளி தமக்கு விளக்கப்பட்டதா என்று எப்படி அறிவது? கையெழுத்து வாங்கப்பட்டதா என்பதைக் கொண்டு அல்ல. வீட்டுக்கு வந்தபின் அம்மா என் தங்கையிடம் தொலைபேசியில், "உள்ள கூழ் கெட்டுப்போச்சாம், வீங்க இடமில்லாம வலிக்குதாம். பிடுங்கவும் செய்யலாம், ஆனா பக்கத்துப் பல்லு சாஞ்சிடுமாம்" என்று சொன்னார். இரண்டு வழிகளும் அவர் வாயிலிருந்து வந்தன. "ரூட் கெனால் பண்ணணுமாம்" என்று மட்டும் சொல்லியிருந்தால், விளக்கம் நடக்கவில்லை என்றே நான் எண்ணியிருப்பேன். மறுவழி என்ன என்பதும், எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியாமல் ஒருவர் சம்மதம் தருவது சம்மதமே அல்ல. என் அறையில் நானே எத்தனை முறை இதில் தவறியிருப்பேன் என்று அன்று எண்ணிப்பார்த்தேன்.

சிகிச்சைக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். காலை உணவும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு வரும்படி சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பல் சிகிச்சைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நம் வீடுகளில் பலர் நினைக்கிறார்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய், உதடு மரத்துப்போனதால் மேலும் மூன்று மணி நேரம் எதுவும் உண்ண முடியாமல், சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அம்மாவின் அச்சம் பழையது. இருபது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு பல்லைப் பிடுங்கியபோது, ஊசி போட்டும் வலித்தது. வலிக்கிறது என்று சொன்னதற்கு, "மரத்துப்போச்சும்மா, அழுத்தம்தான் தெரியுது, பொறுத்துக்குங்க" என்ற பதில் வந்ததாம். அந்த நாற்காலியில் அவர் அழுத கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன்பின் பல் மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போட்டு வந்தார். இன்றைய ஆழமான சொத்தைக்கு அந்த ஒருநாள் வலியும் ஒரு காரணம் என்பேன்.

கீழ்க்கடைவாய்ப் பல்லை மரத்துப்போகச் செய்வது மேற்பல்லைப்போல எளிதல்ல. கீழ்த்தாடை எலும்பு தடித்தது. பல்லின் அருகில் போடும் மருந்து எளிதில் ஊடுருவாது. அதனால் தாடையின் பின்புறம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தில் ஊசி போடுகிறார்கள். சில நிமிடங்களில் பாதி உதடு தடித்ததுபோல் உணரப்படும். ஆனால் உதடு மரத்துவிட்டதால் பல்லும் மரத்துவிட்டது என்று பொருளில்லை. கடுமையாக அழற்சியுற்ற கூழின் நரம்புகள் சாதாரண நரம்புகளைப்போல மருந்துக்குப் பணிவதில்லை. சரியான இடத்தில் சரியான அளவு போட்டும் வலி மிஞ்சுவது இத்தகைய பற்களில் அடிக்கடி நடப்பதுதான். நோயாளி மிகைப்படுத்துகிறார் என்றோ, மருத்துவர் திறமையற்றவர் என்றோ உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. வலி மிஞ்சியது தெரிந்தபின் என்ன செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

இந்த மருத்துவர் முதலில் ஈற்றின்மேல் மரப்புக் களிம்பைத் தடவி ஒரு நிமிடம் காத்தார். ஊசியை மெல்லச் செலுத்தினார். மருந்தை விடுமுன் சற்றே பின்னிழுத்து, இரத்தக்குழாயில் ஊசி இல்லை என்று பார்த்துக்கொண்டார். "இடது கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன். எத்தன தடவை வேணாலும் தூக்கலாம்" என்றார். பதினைந்து நிமிடம் கழித்து, துளையிடுமுன், மறுபடியும் அந்தக் குளிர்ப்பஞ்சை வைத்துப் பார்த்தார். இலேசாகத் தெரிந்தது. ஆகவே இன்னும் ஐந்து நிமிடம் காத்தார். பின்னர் தொடங்கினார். எனாமல் வரை அமைதி. டென்டினுக்குள் இறங்கியதும் அம்மாவின் கை உயர்ந்தது. கருவியின் ஒலி அந்த நொடியே நின்றது.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "வலிக்குது, சரி. இன்னொரு வகை மருந்து கன்னத்துப் பக்கம் போடுறேன். அதுக்கும் கேக்கலன்னா இன்னைக்கு உள்ள மருந்து வச்சு மூடிட்டு, வேற நாள் பாக்கலாம். கட்டாயப்படுத்தி முடிக்க மாட்டேன்." இரண்டாவதாக ஆர்டிகெய்ன் என்ற மருந்தைப் பல்லின் வெளிப்புறத்தில் போட்டார். பத்து நிமிடத்தில் குளிர்ப்பஞ்சு எதையும் உணர்த்தவில்லை. அதன்பின் கை உயரவில்லை.

இதயநோயாளிகளின் வீட்டார் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கிறதே, ஆபத்தில்லையா? மருந்து அந்த இடத்திலேயே நெடுநேரம் நிற்பதற்காகவே மிகச் சிறிதளவு அட்ரினலின் சேர்க்கப்படுகிறது. இதயநோய் உள்ளவர்களுக்கு ஓர் அமர்வில் மொத்தம் 40 மைக்ரோகிராம் அளவுக்குள் நிறுத்திக்கொள்வது வழக்கமான எல்லை. அம்மாவுக்குப் போட்ட முதல் ஊசியில் சுமார் 22, இரண்டாவதில் 17. ஆக 39. மூன்றாவது ஊசி இல்லை என்று அவர் முன்னதாகவே சொன்னதன் காரணம் இந்தக் கணக்குத்தான். அட்ரினலின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குவது பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் மரப்பு பாதியில் தெளிந்து வலி வந்தால், உடலே அதைவிடக் கூடுதலாக அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டும். ஆகவே முற்றிலும் தவிர்ப்பதைவிட அளந்து போடுவதே பெரும்பாலோருக்கு நல்லது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், இதயத்துடிப்புச் சீரற்றவர்களும் தங்கள் இதய மருத்துவரின் கருத்தை எழுத்தில் பெற்றுச் செல்ல வேண்டும்.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர்த் திரை கட்டப்பட்டதையும் சொல்ல வேண்டும். முகத்தின் பாதியை மறைக்கும் அந்தப் பச்சைத் திரையைக் கண்டு அம்மா சற்று மிரண்டார். உமிழ்நீரிலுள்ள கிருமிகள் வேர்க்குழாய்க்குள் போகாமலும், உள்ளே கழுவும் குளோரின் சார்ந்த திரவமும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் விழாமலும் அது காக்கிறது. எல்லா இடங்களிலும் இதைப் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துவீர்களா என்று முன்பே கேட்பதில் தவறில்லை. அன்று நான்கு குழாய்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் நீளத்தையும் மின்கருவியால் அளந்து குறித்துக்கொண்டு, கழுவி, மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். ஒரு வாரம் கழித்து அடைக்கலாம் என்றார்.

இனி செலவு. முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பார்வைக் கட்டணமும் முதல் எக்ஸ்ரேயும் 400 ரூபாய். வேர்ச் சிகிச்சை 5,000. இடையில் எடுக்கும் எக்ஸ்ரேக்கள் இதில் அடங்கும் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. கேப்புக்கு மூன்று விலை. முழு உலோகம் 2,500, உலோகத்தின்மேல் பீங்கான் 4,000, சிர்கோனியா 8,000. கடைவாய்ப் பல்லுக்கு உறுதி முக்கியம், முழு உலோகத்துக்குப் பல்லைக் குறைவாகவே செதுக்கினால் போதும், ஆனால் வெள்ளிநிறமாகத் தெரியும் என்று விளக்கினார். விலை கூடியதை நோக்கித் தள்ளவில்லை. "உள்பல்ல யாரு எட்டிப் பாக்கப்போறா?" என்று அம்மா உலோகத்தையே தேர்ந்தார். கூட்டினால் 7,900 ரூபாய்.

ஆனால் இரண்டாம் அமர்வின் முடிவில் பில் 1,200 ரூபாய் கூடியிருந்தது. சொத்தையைச் சுரண்டியபின் பல்லின் ஒரு சுவர் மிகக் குறைவாக மிஞ்சியதால், கேப் பிடித்துக்கொள்வதற்காக உள்ளே நிரப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. மருத்துவ நோக்கில் அது தேவையே. எவ்வளவு பல் மிஞ்சும் என்பது சொத்தையை எடுத்தபிறகே தெரியும் என்பதும் உண்மை. ஆயினும் அது நேரக்கூடியது என்று முதல்நாள் அந்த மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். "தேவைப்பட்டால்" என்ற ஒரு சொல்லோடு அந்தத் தொகையையும் தாளில் எழுதியிருக்கலாம். நான் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இனி எழுதுகிறோம் என்றார். எங்களுக்கு அந்தத் தொகை பெரிய சுமையல்ல. மாதச் சம்பளத்தில் எண்ணி எடுத்து வைத்துக்கொண்டு வரும் ஒருவருக்கு, நாற்காலியில் வாய் மரத்த நிலையில் 1,200 கூடுகிறது என்று கேட்பது வேறு விதமாக இருக்கும். அவர் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான். கேப்பை விட்டுவிடுவார்.

அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் மேற்கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேறொரு சிகிச்சையகத்தில் வேர்ச் சிகிச்சை நடந்தது. 3,500 ரூபாய் என்றார்கள், கட்டினோம். சிகிச்சை முடிந்த நாளில்தான் கேப்புக்குத் தனியே பணம் என்று தெரிந்தது. வலி போய்விட்டது, பல் அடைத்தாகிவிட்டது, இனி எதற்கு என்று அம்மா நினைத்தார். நானும் அப்போது வற்புறுத்தவில்லை. எட்டு மாதம் கழித்து முறுக்கைக் கடிக்கையில் பல் நெடுக்காகப் பிளந்தது. பிளவு வேர்வரை போனதால் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் சொத்தையாலும் துளையாலும் ஏற்கெனவே உள்ளீடற்றுப் போயிருக்கும். மெல்லும் விசை நேராக அதன் சுவர்களைப் பிளக்கப் பார்க்கும். கேப் அந்தச் சுவர்களைச் சுற்றிக் கட்டிய வளையம். ஆகவே கடைவாய்ப் பல்லுக்கு விலை கேட்கும்போது, "கேப் உட்பட, உள்ளே நிரப்புவது உட்பட, மொத்தம் எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும். அந்த மொத்தத்தைக் கட்ட இயலாது என்றால் அதை முதல்நாளே சொல்லிவிடுவது நல்லது. தவணை கேட்கலாம், மலிவான கேப்பைத் தேரலாம், சென்னை, புதுக்கோட்டை போன்ற ஊர்களிலுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். நாம் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை படுக்கையில் சேராமல் செய்யும் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

முதல் அமர்வு முடிந்ததும் கையில் ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள், தமிழில். மரப்பு தெளியும்வரை, அதாவது இரண்டு மூன்று மணி நேரம், மென்று தின்ன வேண்டாம், உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்ள நேரும். அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், உணவுக்குப்பின், தேவைப்பட்டால் நாளைக்கு மூன்று முறை. கிருமிக்கொல்லி எதுவும் எழுதவில்லை. பலருக்கு இது குறையாகத் தோன்றும். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலியில் கிருமிக்கொல்லி வலியைக் குறைப்பதில்லை, கூழை எடுத்ததே மருந்து.

வலிநிவாரணியில் ஒரு கண்ணி உண்டு. முதல்நாள் மாலை வலி சற்றுக் கூடியபோது, பக்கத்து வீட்டார் மருந்துக்கடையில் பல்வலிக்கு என்று கேட்டு வாங்கிய ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பார்த்தால் ஐபுபுரோஃபென் கலந்தது. பல்வலிக்கு நல்ல மாத்திரைதான். ஆனால் அது ஆஸ்பிரினின் இரத்தம் உறையாமல் காக்கும் வேலைக்குக் குறுக்கே நிற்கும். இரு இரத்த இளக்கிகள் எடுப்பவருக்கு இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்கலாம். நெடுநாள் சர்க்கரை நோயால் நலிந்த சிறுநீரகத்துக்கும் கெடுதல். இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோயுள்ளவர்கள் பல்வலிக்குக் கடையில் தாமாக எதையும் வாங்கிப் போடாதிருப்பது நல்லது.

மூன்றாம் நாள் வேறொரு தொல்லை. வாயை மூடும்போதெல்லாம் அந்தப் பல் முதலில் இடித்து வலித்தது. வீட்டில் எல்லோரும் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பேசத் தொடங்கினர். தாளில் இருந்த எண்ணுக்கு அழைத்தோம். மருத்துவரே எடுத்து, மெல்லாதபோது வலிக்கிறதா, வீக்கமோ காய்ச்சலோ உண்டா, வாயை முழுவதும் திறக்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு, அன்றே வரச் சொன்னார். மெல்லிய வண்ணத்தாளை வைத்துக் கடிக்கச் செய்து, தற்காலிக அடைப்பு உயர்ந்திருந்த இடத்தைக் கண்டு இரண்டு நிமிடம் தேய்த்தார். அன்றிரவு அம்மா நன்றாகத் தூங்கினார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

அவர் கேட்ட அந்தக் கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேர்ச் சிகிச்சைக்குப்பின் இரண்டு மூன்று நாள் மந்தமான வலி இயல்பு, அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினாலும், கன்னம் வீங்கினாலும் உடனே பல் மருத்துவரை அழைக்க வேண்டும். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினால், காய்ச்சலோடு விழுங்கக் கடினமானால், வாய் திறக்க முடியாமல் போனால், நாக்கு மேலெழும்பிப் பேச்சு குழறினால், காலைவரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்குள் பரவி மூச்சுக்குழாயை நெருக்கக்கூடியது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது ஓரிரு நாளிலேயே முற்றிவிடும். நம் அவசரப் பிரிவில் இப்படி வந்தவர்கள் உண்டு. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பல்வலியை மாத்திரையால் தள்ளிப்போட்டு வந்தவர்கள்.

இரண்டாம் அமர்வில் நான்கு குழாய்களையும் அடைத்து எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். அடைப்பு வேரின் நுனிக்குச் சற்று முன்வரை வெண்கோடுகளாகத் தெரிந்தது. அந்தப் படத்தின் நகலை நாங்கள் கேட்டு வாங்கினோம். பின்னாளில் வேறோர் ஊரில் வலி வந்தால் அது பயன்படும். இரண்டு வாரத்தில் கேப் பொருத்தப்பட்டது. அம்மா அதற்குள், "வலிதான் இல்லையே, தீபாவளி கழிச்சுப் பாக்கலாம்" என்று தொடங்கினார். சிகிச்சையகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, "கேப் வந்திடுச்சும்மா, நாளைக்குக் காலையில வாங்க" என்று நினைவூட்டியிராவிட்டால் தீபாவளியோடு அது பொங்கலுக்கும் தள்ளிப்போயிருக்கும்.

ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வரும்படி எழுதியிருந்தார். வலி இல்லாமலே வேர்நுனியில் தொற்று வளரக்கூடும் என்பதால் இந்தப் படங்கள் தேவை. சென்ற மாதம் ஓராண்டுப் படம் எடுத்தோம். நுனியைச் சுற்றிக் கருநிழல் எதுவும் இல்லை. அம்மா அந்தப் பக்கத்திலேயே மெல்லுகிறார். போன வேலை முடிந்து எழுந்திருக்கையில், எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காலியாக இருக்கும் மேற்பல்லின் இடத்தை மருத்துவர் சுட்டிக்காட்டி, விருப்பமிருந்தால் அதற்கும் ஏதாவது செய்யலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: "எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவு ஆகும் டாக்டரம்மா? பின்னால கூடுமா கூடாதான்னு இப்பவே எழுதிக் குடுங்க."